சம்பொடியில் தொடங்கி மொறம்பலில் நின்ற பெயர்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணி ஒரு சம்பல் செய்வார். நெத்திலி, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் மூன்றையும் தனித்தனியாகப் பொரித்து, புளிக்கரைசலும் கொஞ்சம் சீனியும் விட்டு, ஈரம் முழுக்க வற்றும்வரை அடுப்பை விட்டு நகராமல் கிண்டுவார். ஆறியதும் கையில் அள்ளினால் உதிரும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், நாசி லெமாக்கின் மேல் தூவலாம். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிப் போன பிறகு, பாட்டிலில் போட்டு பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வைக்கலாம் என்று முடிவெடுத்தார்.

நான் பல வருடம் கோலாலம்பூரில் வானொலி விளம்பரங்களுக்குத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவன். அதனால் பெயர் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. "சம்பலும் பொடியும் சேர்ந்த மாதிரி ஒரே சொல்லா வேணும் தம்பி" என்றார் அண்ணி. அவரே ஒன்றைச் சொல்லவும் செய்தார்: சம்பொடி. எனக்கும் உடனே பிடித்துப்போனது. சம்பல் என்பதன் தலையும் பொடி என்பதும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ப என்ற எழுத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. ரோமன் எழுத்தில் SAMBODI என்று போட்டு 300 ஸ்டிக்கர் அடித்துவிட்டோம்.

கடையில் வைத்த முதல் வாரத்திலேயே சிக்கல் வந்தது. பௌத்தக் கோவிலுக்குத் தவறாமல் போகும் ஒரு சீன ஆன்ட்டி பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சைவம்தானே?" என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு SAMBODI என்பது சம்போதி என்றே தெரிந்திருக்கிறது. சம்போதி என்றால் புத்தர் அடைந்த ஞானம். பினாங்கில் தேரவாத பௌத்தர்களுக்குப் பழக்கமான சொல். ஜாலான் கம்பாரில் இருக்கும் மகிந்தராம கோவில் பக்கம் போகிறவர்களுக்குப் பாலி மொழிச் சொற்கள் புதிதல்ல. பாட்டிலுக்குள்ளோ முழுக்க நெத்திலி. கடைக்காரர் விவரம் சொன்னதால் அந்த ஆன்ட்டி வாங்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், அசைவம் தொடாத ஒருவரை எங்கள் பெயரே ஏமாற்றியிருக்கும். அன்று மாலையே மீதி பாட்டில்களைத் திரும்ப எடுத்து வந்தோம்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான், நான் செய்திருக்க வேண்டிய ஒரு சோதனையையும் செய்யவில்லை என்பது புரிந்தது. வானொலிக்கு எழுதும்போது ஒரு வரியை வாய்விட்டுப் படிக்காமல் கொடுத்ததே கிடையாது. இந்தப் பெயரை மட்டும் கண்ணால் பார்த்தே முடிவு செய்திருந்தேன்.

சம்பொடியில் பழுது எங்கே என்றால், ஒட்டுப் போட்ட இடத்தில். பொடி என்று தனியாகச் சொல்லும்போது ப வல்லோசையாக, உதடு வெடித்து வருகிறது. அதையே ம் என்ற எழுத்துக்குப் பின்னால் வைத்தால் ஓசை மெலிந்துவிடும். தம்பி, பாம்பு, கம்பு என்று சொல்லிப் பாருங்கள், எதிலும் பொடியில் வரும் ப கிடையாது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. காதுக்குத் தெரியும். ரோமன் எழுத்தில் எழுதும்போது கண்ணுக்கும் தெரிந்துவிடும், P என்பது B ஆகிவிடும். ஆக, ஒட்டிய அந்த நொடியிலேயே பொடி காணாமல் போய், போடி என்றோ போதி என்றோ கேட்கும் வேறு ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. SAMPODI என்று எழுதியிருந்தால் மலாய்க்காரர்கள் அப்படியே படித்திருப்பார்கள். ஆனால் நம்முடைய வாய் தானாகவே SAMBODI பக்கம்தான் போகும். ஒரே பொருளுக்குக் கடையில் இரண்டு உச்சரிப்பு.

சுங்கைப்பட்டாணியில் இருக்கும் சித்தியை அன்றிரவு போனில் கூப்பிட்டு, "சித்தி, சம்பொடின்னு ஒரு பேரு வச்சிருக்கோம்" என்றேன். "சம்பந்தியா? எந்தச் சம்பந்தி?" என்று கேட்டார். காது கேட்ட ஓசையை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த சொற்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது. புதுச்சொல் செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. நாம் வைக்கும் பெயருக்குப் பக்கத்து வீட்டில் எந்தெந்தப் பழைய சொற்கள் குடியிருக்கின்றன என்று பார்க்காமல் குடியேறினால், கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டைத்தான் கேட்பார்கள்.

அடுத்த முறை தாளில் உட்கார்ந்து முறையாகத் தொடங்கினேன். இரண்டு சொல்லைச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் நாம் சேர்ப்பது பெரும்பாலும் தொகையாக: மிளகாய்ப்பொடி, புளிச்சாதம். இரண்டு சொல்லும் முழுசாகவே இருக்கும், நடுவில் ஒற்று மிகும், அவ்வளவுதான். இந்த வேலை வேறு. ஒன்றின் வாலையும் மற்றதன் தலையையும் வெட்டி, வெட்டுவாய்களைப் பொருத்த வேண்டும். தமிங்கிலம் என்ற சொல்லைப் பாருங்கள். தமிழ் என்பதில் ழ் போய்விட்டது, ஆங்கிலம் என்பதில் ஆ போய்விட்டது. மிஞ்சிய தமியும் ங்கிலமும் ஒட்டிக்கொண்டன. கேட்டவுடன் இரண்டு மொழிப் பெயரும் மனதில் வருகின்றன.

மலாய்க்காரர்கள் இதில் நம்மைவிடத் தாராளம். செரிதா பெண்டெக் என்பதிலிருந்து செர்பென், பங்கோங் வாயாங் கம்பார் என்பதிலிருந்து பவாகாம், தாமான் டிடிக்கான் கானாக் கானாக் என்பதிலிருந்து தாடிக்கா. சிறுகதை, திரையரங்கு, பாலர் பள்ளி. நம் பிள்ளைகளும் தாடிக்காவுக்குத்தான் போகிறார்கள். அது மூன்று நான்கு சொல்லின் துண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அந்தத் துண்டுகள் பெரும்பாலும் அசை அசையாக அறுபடுவதால், எங்கே ஒட்டினாலும் வாய்க்கு இடறுவதில்லை.

தமிழில் அசை அசையாக அறுத்தால் பல நேரம் வேலை நடக்காது. காரணம் நம் எழுத்து. 'ச' என்று ஒரே எழுத்தாகப் பார்ப்பதற்குள் ச் என்ற மெய்யும் அ என்ற உயிரும் ஒளிந்திருக்கின்றன. நல்ல வெட்டுவாய் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். அதனால் சொற்களை மெய்யும் உயிருமாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். சம்பல் என்றால் ச், அ, ம், ப், அ, ல். பள்ளிக்கூடத்தில் செய்த பழைய வேலைதான், ஆனால் எந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் பொதுவான ஓசை இருக்கிறது என்பது இப்படி எழுதினால் சட்டென்று தெரியும்.

அப்படி எழுதியதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சம்பல் என்ற சொல்லுக்கு அடையாளம் ச இல்லை, 'ம்பல்' என்ற கடைசித் துண்டு. சம்பொடியில் நாங்கள் வெட்டி எறிந்தது அதைத்தான். முதல் சொல்லின் தலையும் இரண்டாவது சொல்லின் வாலும் மிஞ்சும் என்பது இப்படி ஒட்டுவதில் பொதுவான வழக்கம். எனவே சம்பல் இரண்டாவதாக வர வேண்டும். முன்னால் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

பொடியை முன்னால் வைத்தேன், பொம்பல் வந்தது. எழுதியதைப் பார்த்ததுமே அண்ணி தலையசைத்து மறுத்தார். பொம்பள என்றுதான் எவரும் கேட்பார்கள். நெத்திலியை முன்னால் வைத்து, சம்பலை விட்டுவிட்டுப் பொடியோடு ஒட்டி நெத்திப்பொடி என்று ஒன்று செய்தோம். அதைக் கேட்டு, "சாமி படத்துக்கு முன்னாடி வைக்கிறதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பாட்டி. நெத்தியில் பூசும் பொடி என்றால் விபூதியோ குங்குமமோதானே. பாட்டி சொன்னது முழுக்க நியாயம்.

மூன்றாவதாக வந்தது காரம்பல். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடிக்கும். காரம் என்பதைப் பிரித்தால் க், ஆ, ர், அ, ம். சம்பல் என்பதில் ச் போனால் அ, ம், ப், அ, ல். காரத்தின் கடைசி அ, ம் இரண்டும் சம்பலின் அ, ம் மேல் அப்படியே படிந்துவிடுகின்றன. காரம் என்ற சொல் முழுசாக இருக்கிறது. சம்பலில் ஒரே ஒரு மெய் மட்டும்தான் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் மோட்டார், ஹோட்டல் இரண்டும் நடுவில் ஓசையைப் பங்கு போட்டு மோட்டல் ஆனதே, அந்த வகை. ஓசை இப்படிப் படியும்போது ஒட்டு போட்ட தடமே தெரியாது. ஆரம்பம், சாரம் என்று நமக்குப் பழகிய ஓசைகளுக்கு நடுவில் காரம்பல் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

அதைச் சோதிக்க ஆரம்பித்தேன். முதல் சோதனை, வேற்றுமை உருபு. தமிழில் ஒரு பெயர் தனியாக நிற்கும் நேரம் குறைவு. காரம்பலை எடு, காரம்பலுக்கு உப்பு கம்மி, காரம்பல்ல எண்ணெய் மிதக்குது, காரம்பலோட விலை என்ன என்று ஏதாவது ஒரு வாலோடுதான் அது வாயில் வரும். ல், ம், ர், ன் போன்றவற்றில் முடியும் சொற்களும் உயிரில் முடியும் சொற்களும் இந்த வாலை எளிதாகத் தாங்கும். வல்லினத்திலோ, இரண்டு மெய் சேர்ந்தோ முடியும் பெயர்களில்தான் திணறல். விளம்பர வேலையில் இருந்தபோது, கிரிஸ்ப் என்று முடியும் பெயரை வைத்து எழுதச் சொல்வார்கள். கிரிஸ்ப்பை, கிரிஸ்ப்பில் என்று படிக்கும் குரல் கலைஞர் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நிற்பார். இறுதியில் 'கிரிஸ்ப்பு' என்று உ சேர்த்துப் படித்தால்தான் வரி ஓடும். அண்ணியும் நானும் சமையலறையில் ஒருவருக்கொருவர் இந்தப் பெயரை வைத்து ஒரு பத்து வாக்கியமாவது பேசிப் பார்த்தோம். காரம்பல் எங்கேயும் தடுக்கவில்லை.

இரண்டாவது, போன். சித்தியிடம் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிறகு எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சரியாக எழுதியிருந்தார். இன்னும் ஐந்து பேரிடம் செய்தேன். ஒருவர் மட்டும் கரம்பல் என்று குறிலாக எழுதியிருந்தார்.

மூன்றாவது சோதனையில் விழுந்தது. பெயரை ரோமன் எழுத்தில் மட்டும் ஒரு சீட்டில் எழுதி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லாமல், தமிழ் தெரியாதவர் கையில் கொடுப்பது. பக்கத்து வரிசை வீட்டில் இருக்கும் மக்சிக் நல்ல பழக்கம். KARAMBAL என்று எழுதிக் கொடுத்தேன். "கா-ரம்-பல்" என்று படித்தார். சொல்லி முடித்து ஒரு நொடி கழித்து, "காரம்... காப்பால் காரம்?" என்று கேட்டார். மலாயில் காரம் என்றால் மூழ்குவது. காப்பால் காரம் என்றால் மூழ்கிய கப்பல். (அந்தக் காப்பால் நம் கப்பல்தான், எப்போதோ கடல் கடந்து போய் மலாயில் தங்கிவிட்ட சொல்.) ஆக, நமக்கு உறைப்பு, அவர்களுக்கு மூழ்கியது. KAARAMBAL என்று இரட்டை A போட்டுப் பார்த்தேன். மலாயில் நெடில் குறில் வேறுபாடு சொல்லின் பொருளை மாற்றாது, இரண்டு A வந்தால் "கா-அ-ரம்" என்று பிரித்துப் படிக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

"தமிழ் ஆளுங்களுக்குத்தானே விக்கிறோம்?" என்று அண்ணி கேட்டார். பெயரை விட மனமில்லை அவருக்கு. எனக்கும்தான் இல்லை. ஆனால் சம்பலை நாசி லெமாக்கோடு சாப்பிடுகிறவர்களில் நம்மவர்கள் ஒரு பங்கு மட்டுமே. தொழில் தொடங்கும் வீட்டில், பெயரிலேயே மூழ்குவது என்று ஒரு சொல் கேட்பது அண்ணனுக்கும் உறுத்தியது. காரம்பலை எடுத்து வைத்துவிட்டோம்.

ஒட்டு நன்றாக இருந்ததால் வாலை மாற்றவில்லை. தலைக்கு மட்டும் வேறு தேடினோம். இந்தச் சம்பலில் எல்லாருக்கும் பிடித்தது எது என்று அண்ணியைக் கேட்டேன். "மொறுமொறுன்னு இருக்கறதுதான்" என்றார். மொறு, சம்பல். இதற்கு இரண்டு வழி இருந்தது. மொறு என்பதை முழுசாக வைத்து ம்பல் சேர்த்தால் மொறும்பல். உ என்ற உயிரை விட்டுவிட்டு, சம்பலின் அ-வை உள்ளே விட்டால் மொறம்பல். அது, அன்று இரண்டும் சேர்ந்து அதன்று ஆகும்போது நடுவில் ஒரு உ போவதை நாம் கவனிப்பதே இல்லை. அதே பழக்கத்தில் இதுவும் வந்துவிடுகிறது.

மொறும்பல்தான் பொருள் தெளிவு என்று முதலில் நினைத்தேன். ரோமனில் எழுதியதும் மனம் மாறியது. MORUMBAL என்பதன் நடுவில் RUM என்று மூன்று எழுத்து அப்படியே நிற்கிறது. ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் பொருளோடு பெயரும் பார்க்கப்படும். மதுவையோ பன்றியையோ நினைவூட்டும் பெயர்களை ஏற்கமாட்டார்கள். 2016இல் ஹாட் டாக் என்ற பெயரைப் பற்றி நாடே பேசியது பலருக்கு நினைவிருக்கும். சொல்லின் நடுவில் தற்செயலாக நிற்கும் மூன்று எழுத்துக்காக மறுப்பார்களா என்பது வேறு கேள்வி. கேள்வி எழும் இடத்தையே தவிர்த்துவிட்டால் விளக்கம் சொல்லும் வேலை இல்லை.

ஆக மொறம்பல். MORAMBAL. மக்சிக்கிடம் சீட்டைக் கொடுத்தேன். "மோ-ரம்-பல்" என்று தடங்கலில்லாமல் படித்தார். மலாய்ப் பேச்சில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் விழும், அது இங்கே 'ரம்' மேல் விழுகிறது. நம் வாயும் அந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்பது பெரிய நிம்மதி. ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று கேட்டேன். "சம்பல்" என்றார். அவர் மகள் மட்டும், O-வுக்குப் பதில் U போட்டுவிடாதீர்கள் என்று சொன்னாள். மலாயில் முராம் என்றால் முகம் வாடிப் போய் உம்மென்று இருப்பது. அது எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் சீன அங்கிள் "மொலம்பா" என்றார். ர என்பது ல ஆகி, கடைசி ல் கரைந்துவிட்டது. ஆனாலும் அந்த மொலம்பாவை வைத்துக்கொண்டு வேறொருவர் சரியான பாட்டிலைக் கண்டுபிடித்துவிட முடியும். உச்சரிப்பு நம்முடையதைப் போலவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தேய்ந்த பிறகும் அடையாளம் தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். பெயர் நல்லா இருக்கா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொந்தக்காரர்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். சம்பொடிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த முறை, பெயரைச் சொல்லிவிட்டு "இது என்னவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதினொரு பேரிடம் கேட்டதில் ஏழு பேர் சம்பல் என்றோ, சம்பல் மாதிரி ஏதோ என்றோ சொன்னார்கள். மொறுமொறுப்பைச் சொன்னவர்கள் மூன்றே பேர்.

அந்த மூன்று எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மொறுமொறு என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது என்று படித்திருக்கிறோமே, அதைத்தான் நான் செய்திருந்தேன். சலசல என்பதில் ஒரு 'சல' மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓடும் ஓசை கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது போல. பேச்சில் மொறுன்னு இருக்கு என்று ஒற்றையாகச் சொல்வது உண்டு என்பதால் அந்த மூன்று பேராவது பிடித்துக்கொண்டார்கள். ஒட்டுச் சொல்லுக்கு இரட்டைக்கிளவியை எடுப்பதாக இருந்தால் அதன் பொருளில் பாதி கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அந்த இடத்தை நிரப்பியது. நெத்திப்பொடியை நிராகரித்த அதே பாட்டி, மொறம்பல் என்றதும், "மொறத்துல கொட்டிப் பொடைச்ச சம்பலா?" என்றார். முறத்தைப் பேச்சில் மொறம் என்றுதானே சொல்கிறோம். பாட்டிக்கு ஒரு வீட்டின் பின்கட்டும், முறமும், காய்ந்த மிளகாயும் தெரிந்திருக்கிறது. நாங்கள் வைக்காத பொருள், ஆனால் வைத்திருந்தால்கூடத் தப்பில்லாத பொருள். பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது, நல்லவர்கள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அண்ணி அப்போதே லேபிளில் ஒரு சின்ன முறம் வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கடைசிச் சோதனை நினைவு. பெயரைக் கேட்ட எட்டுப் பேரிடம் மூன்று நாள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "அன்னிக்கு ஒரு பேரு சொன்னேனே?" என்று கேட்டேன். ஆறு பேர் மொறம்பல் என்றார்கள். ஒருவர் முறும்பல் என்றார், ஒருவருக்கு நினைவில்லை. தமிழில் எழுதச் சொன்னபோது மூன்று பேர் மொரம்பல் என்று இடையின ர போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் அது வரத்தான் செய்யும். ரோமனில் இரண்டுக்கும் ஒரே R என்பதால் இணையத்தில் தேடுகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. லேபிளில் தமிழில் வல்லின ற-வே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

பிறகு மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் வணிகச் சின்னத் தேடலில் MORAMBAL என்று தட்டிப் பார்த்தேன். அதோடு நிற்காமல் MORAMBEL, MURAMBAL, MORUMBAL என்று ஓசையில் பக்கத்தில் வருகிறவற்றையும் தட்டினேன். பதிவு செய்யும்போது எழுத்து மட்டுமல்ல, கேட்க ஒரே மாதிரி இருப்பதும் தடையாகலாம். சம்பல், குழம்புத்தூள் போன்றவை 30ஆம் பிரிவில் வரும், நெத்திலி போன்ற பதப்படுத்திய மீன் 29ஆம் பிரிவில். எங்கள் பாட்டிலில் இரண்டும் கலந்திருப்பதால் இரண்டு பிரிவிலும் தேடினேன். ஒட்டுப் பெயர் செய்ததன் பலன் இந்த இடத்தில்தான் கைக்கு வந்தது. மொறுமொறு சம்பல் என்று வெறுமனே பொருளை வர்ணிக்கும் பெயரை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிவு செய்வது கடினம், எல்லாரும் சொல்லும் சொல் அது. இரண்டையும் அறுத்து ஒட்டிய பிறகு அது புதுச்சொல். ஆனால் ஒட்டு மிக லேசாக இருந்து வர்ணனை அப்படியே தெரிந்தால் அந்தப் பலன் குறையும். பொருள் தெரியவும் வேண்டும், தெரியாமலும் இருக்க வேண்டும் என்ற இந்த இழுபறியில், ஏழு பேர் சம்பலைப் பிடித்ததும் மூன்று பேர் மட்டும் மொறுவைப் பிடித்ததும் எங்களுக்கு நல்ல இடமாகவே அமைந்தது.

பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள்படி, இங்கே தயாரித்து அடைக்கும் உணவுக்கு, அது என்ன பொருள் என்பதை மலாயில் எழுதியே ஆக வேண்டும். அதனால் மொறம்பலுக்குக் கீழே சம்பல் காரிங் இக்கான் பிலிஸ் என்று தெளிவாக வந்துவிட்டது. மொறுமொறுப்பு, சம்பல், நெத்திலி மூன்றும் அதில் இருக்கின்றன. சைவமா என்று இனி யாரும் குழம்ப மாட்டார்கள்.

புது ஸ்டிக்கர் 100 மட்டும் அடித்தோம். கடையில் வைத்து ஒரு மாதம் பார்த்த பிறகுதான் மீதி.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் சாப்பாடு. மழை பெய்து அப்பளம் நமுத்துப் போயிருந்தது. அண்ணியின் ஏழு வயதுப் பேரன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, தட்டில் வைத்துவிட்டான்.

"பாட்டி, இந்த அப்பளம் மொறம்பலாவே இல்ல."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் எந்தச் சீட்டிலும் எழுதி வைக்காத சோதனை அது. அவர் ஒன்றும் சொல்லாமல் அப்பளங்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் எண்ணெயை வைத்தார்.